ஒரு மெஷினா, ரெண்டு மெஷினா? கையில் இருக்கும் 20 லட்சத்துக்கு நாலு வழி

"சார், பேங்க்ல எழுபத்தஞ்சு பர்சன்ட் தர்றேங்கறாங்க. அப்படின்னா என்கிட்ட இருக்கிற இருபது லட்சத்துக்கு ரெண்டு மெஷினே எடுத்துடலாமே? எதுக்கு ஒண்ணோட நிக்கணும்?"

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜாப் ஒர்க் பட்டறை நடத்தும் ஒருவர் போன மாதம் என் எதிரில் உட்கார்ந்து கேட்ட கேள்வி இது. கையில், கம்ப்யூட்டர் சொல்படி உலோகத்தைச் செதுக்கும் வி.எம்.சி. மெஷினுக்கான கொட்டேஷன். பின்பக்கத்தில் பேனாவால் அவரே போட்ட கணக்கு. சின்னப் பட்டறைகளுக்கு லோன் ஃபைல் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். திருமுடிவாக்கத்திலிருந்தும் கிண்டியிலிருந்தும் இதே கேள்வி வேறு வேறு தொகைகளில் வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அவர் முன்னால் இருந்த வழிகள் நாலு. ஒன்று, கடனே இல்லாமல் 20 லட்சத்துக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் மெஷின். இரண்டு, 40 லட்சம் விலையுள்ள புது மெஷின் ஒன்று, பாதி சொந்தப் பணம், பாதி லோன். மூன்று, அவர் ஆசைப்பட்ட மாதிரி இரண்டு புது மெஷின், 20 சொந்தம், 60 லோன். நான்கு, 20 லட்சம் போடும் ஒரு பார்ட்னரோடு சேர்ந்து ஒரு புது மெஷின்.

## எதை வைத்து எடை போடுவது

வட்டி எத்தனை சதவீதம் என்பதில்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்க்க வேண்டியவை வேறு நாலு.

நல்ல வருஷம், சுமாரான வருஷம், மோசமான வருஷம் என்று மூன்றிலும் நம் 20 லட்சத்துக்கு என்ன மிஞ்சுகிறது என்பது முதல் கேள்வி. கைக்காசு போடாமல் மாதத்தை ஓட்ட மெஷின் குறைந்தது எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்பது இரண்டாவது. மெஷின் வந்த நாளிலிருந்து முதல் பேமெண்ட் வரும் வரை எவ்வளவு பணம் தேவைப்படும் என்பது மூன்றாவது. ஒரு வருஷத்தில் எல்லாம் கெட்டுப்போய் மெஷினை விற்க நேர்ந்தால் கையில் என்ன நிற்கும் என்பது நான்காவது.

கணக்குக்கு அவருடைய எண்களையே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். புது மெஷினுக்கு மணிக்கு 600 ரூபாய் ரேட். அதில் கரண்ட், இன்செர்ட், கூலண்ட் எல்லாம் போக 500 நிற்கும். மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் 60,000 ரூபாய் செலவு உண்டு: இரண்டு ஆபரேட்டர் சம்பளம், வாடகையில் பங்கு, மேற்பார்வை. இரண்டு ஷிஃப்ட் ஓட்டினால் மாதம் 400 மணி நேரம் என்பது காகிதக் கணக்கு. 360 வந்தால் நல்ல வருஷம், 300 சுமார், 200 மோசம். 40 லட்சம் மெஷின் பத்து வருஷத்தில் 4 லட்சம் மதிப்புக்கு இறங்கும் என்று வைத்தால் தேய்மானம் வருஷத்துக்கு 3.6 லட்சம். லோன் 11 சதவீதம், ஐந்து வருஷம்.

## கடன் எப்படிப் பெருக்குகிறது

சுமாரான வருஷத்தில் அந்த மெஷின் மாதம் 90,000 ரூபாய் தரும். வருஷத்துக்கு 10.8 லட்சம். கொட்டேஷனின் பின்பக்கத்தில் அவர் எழுதியிருந்தது இதைத்தான்: "27%". பேங்க் கேட்பது 11. நடுவில் 16 சதவீதம் சும்மா கிடைக்கிற மாதிரி தெரிந்தால் யாருக்குத்தான் இரண்டு மெஷின் வாங்கத் தோன்றாது?

ஆனால் அந்த 27-ல் மெஷினே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கிறது. தேய்மானத்தைக் கழித்தால் 7.2 லட்சம், அதாவது 18 சதவீதம். உண்மையான இடைவெளி 7 சதவீதம்தான். பேங்க் பணத்தில் வாங்கிய ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் இந்த 7 ரூபாய் நம் பக்கம் விழுகிறது, நம் நூறு ரூபாய் சம்பாதித்த 18-க்கு மேல். அதனால்தான் கடன் கூடக் கூட நம் பணத்தின் வருமானம் ஏறுகிறது.

இப்போது மோசமான வருஷம். மெஷின் சம்பாதிப்பது தேய்மானம் போக 3 சதவீதம். பேங்க்குக்கு அப்போதும் 11. ஒவ்வொரு நூறுக்கும் 8 ரூபாய் நம் பையிலிருந்து போகும். நல்ல காலத்தில் எந்தப் பக்கம் எத்தனை மடங்கு தூக்கியதோ, அதே அளவுக்கு இந்தப் பக்கம் அழுத்தும். கடப்பாரையின் நீளம் ஒன்றுதான்.

| வழி | நல்ல வருஷம் | சுமார் | மோசம் |
|---|---|---|---|
| செகண்ட் ஹேண்ட், கடன் இல்லை | 29% | 16% | −6% |
| ஒரு புது மெஷின், 20 லோன் | 44% | 26% | −4% |
| இரண்டு புது மெஷின், 60 லோன் | 77% | 41% | −19% |
| பார்ட்னரோடு ஒரு புது மெஷின் | 27% | 18% | 3% |

இது முதல் வருஷத்தில், வட்டியும் தேய்மானமும் போக, நம் 20 லட்சத்துக்கு மிஞ்சும் லாபம். வருமான வரியைச் சேர்க்கவில்லை. செகண்ட் ஹேண்டுக்கு மணிக்கு 100 ரூபாய் குறைந்த ரேட், பத்தில் ஒரு பங்கு குறைந்த ஓட்டம், மாதம் 5,000 கூடுதல் ரிப்பேர் என்று போட்டிருக்கிறேன். தேய்மானம் வருஷத்துக்கு 2 லட்சம்.

இந்த அட்டவணையை மட்டும் பார்த்தால் மூன்றாவது வழிதான் ஜெயிக்கும். அதனால்தான் இதோடு நிறுத்தக் கூடாது.

## லாபம் வேறு, கையில் நிற்பது வேறு

பேங்க் வட்டியை மட்டும் கேட்பதில்லை, அசலையும் மாதா மாதம் கேட்கிறது. அசல் கட்டுவது செலவாகாது. அதனால் லாபக் கணக்கில் வராது, ஆனால் கரண்ட் அக்கவுண்டிலிருந்து போய்விடும். 20 லட்சம் லோனுக்கு மாதத் தவணை சுமார் 43,500. 60 லட்சத்துக்கு சுமார் 1,30,500.

| வழி | நஷ்டமில்லாமல் ஓட, மெஷினுக்கு மாத மணி | சுமாரான மாதம் கையில் | மோசமான மாதம் கையில் |
|---|---|---|---|
| செகண்ட் ஹேண்ட் | 163 | 43,000 | 7,000 |
| ஒரு புது மெஷின் + லோன் | 207 | 46,500 | −3,500 |
| இரண்டு புது மெஷின் + லோன் | 251 | 49,500 | −50,500 |
| பார்ட்னர் (நம் பங்கு) | 120 | 45,000 | 20,000 |

நடுவில் இருக்கும் பத்தியை நிதானமாகப் பாருங்கள். சுமாரான மாதத்தில் நாலு வழியிலும் கையில் நிற்பது கிட்டத்தட்ட ஒரே தொகை. ஒரு மெஷினுக்கும் இரண்டு மெஷினுக்கும் வித்தியாசம் 3,000 ரூபாய். அந்த மூவாயிரத்துக்காக நாலு ஆபரேட்டரை மேய்த்து, மூன்று மடங்கு கடனைச் சுமந்து, மாதம் 600 மணி நேர வேலையைத் தேடி அலைய வேண்டும். மிச்ச லாபமெல்லாம் அசலாக மெஷினுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஐந்து வருஷம் முடிந்த பிறகுதான் அது நம் பணம். அதுவரை தாக்குப் பிடித்தவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து வருஷம் எப்படிப்பட்டதாக இருக்கும் என்பது நம் கையில் இல்லை.

2019 ஜனவரியில் 60 மாத லோனில் மெஷின் எடுத்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷமே வண்டி விற்பனை படுத்து, சென்னையைச் சுற்றியுள்ள வாகன ஆலைகள் வேலையில்லா நாட்களை அறிவித்தன. 2020 மார்ச்சில் ஊரடங்கு. ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட அனுமதித்தது, ஆனால் அந்த மாதங்களின் வட்டி நின்றுவிடவில்லை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப் போவதாகச் சொன்னது. மறைமலை நகரை நம்பி இருந்த சின்னப் பட்டறைகளுக்கு அடுத்த வருஷமே அந்த வேலை இல்லை. 2022 மேயில் ரெப்போ வட்டி ஏற ஆரம்பித்தது. அந்த 60 மாதம் முடியும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் புகுந்தது. ஐந்து வருஷத்தில் "மோசமான வருஷம்" ஒன்றாவது வரும் என்று வைத்துக்கொண்டுதான் நான் கணக்குப் போடுகிறேன்.

## வழி 1: செகண்ட் ஹேண்ட், சொந்தப் பணம்

மோசமான வருஷத்தில் இதில் புத்தகக் கணக்கில் நஷ்டம் வரும், அப்போதும் மாதம் 7,000 ரூபாய் கையில் நிற்கும். தவணை தேதி என்று ஒன்று இல்லாததால் மெஷினைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். கடன் இல்லாததன் பலன் இதுதான்: காத்திருக்க முடிவது.

மறைந்திருக்கும் செலவு மெஷினுக்குள் இருக்கிறது. விற்பவர் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்தியிருப்பார். ஸ்பிண்டிலில் ஒரு டெஸ்ட் பாரை மாட்டி, அதில் டயல் கேஜை வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். முள் எவ்வளவு ஆடுகிறது என்று அங்கேயே தெரியும். அப்புறம் டேபிளை ஒரு பக்கமாக நகர்த்தி, திரும்ப எதிர்ப்பக்கம் நகர்த்தி, அதே புள்ளிக்கு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பால் ஸ்க்ரூ தேய்ந்திருக்கலாம். முக்கியமாக, மெஷின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். இரண்டு மணி நேரம் ஓடிச் சூடான பிறகு இன்னொரு முறை பாருங்கள். கண்ட்ரோலர் பழைய மாடலாக இருந்தால் அதற்கு போர்டு இன்னும் கிடைக்கிறதா என்று சர்வீஸ் ஆளிடம் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

ஃபிக்ஸ்சர், ஜிக், ரஃப் மெஷினிங் மாதிரி வேலைகளுக்கு, கஸ்டமர் இன்னும் உறுதியாகாத நிலையில், மெஷினைத் தானே கழற்றி மாட்டத் தெரிந்த முதலாளிக்கு இதுவே சரி. டாலரன்ஸ் இறுக்கமான வேலைக்கு ஆர்டர் பிடித்துவிட்டு இதை வாங்கினால் ரிஜெக்‌ஷனிலேயே மிச்சம் பிடித்த பணம் போய்விடும்.

## வழி 2: ஒரு புது மெஷின், பாதி லோன்

இங்கே நஷ்டமில்லாத கோடு 207 மணி. மோசமான மாதத்துக்கும் அதற்கும் ஏழு மணி நேரம்தான் வித்தியாசம். மாதம் 3,500 ரூபாய் பழைய மெஷின்களின் வருமானத்திலிருந்து கொடுத்துச் சமாளிக்கக்கூடிய துண்டு.

ஆனால் முதல் மூன்று மாதத்தை மறந்துவிடாதீர்கள். பில் போட்டு 90 நாள் கழித்துத்தான் பெரும்பாலான கம்பெனிகள் பணம் அனுப்புகின்றன. சட்டப்படி சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்காதவர், பணம் கொடுக்கும் வரை அந்தச் செலவை வருமான வரியில் கழித்துக்கொள்ள முடியாது என்றும் 2023-24 நிதியாண்டிலிருந்து விதி இருக்கிறது. ஆனால் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்று பயந்து பலர் வாயைத் திறப்பதில்லை. ஆக, மாதம் 300 மணி நேரம் ஓட்டி 30,000 கரண்டும் டூலும், 60,000 நிலையான செலவும், 43,500 தவணையும் கொடுத்தால், முதல் ரூபாய் வருவதற்குள் 4 லட்சம் வெளியே போயிருக்கும். 20 லட்சத்தையும் மெஷினில் போட்டுவிட்டால் இந்த நாலு லட்சம் எங்கிருந்து வரும்?

இதற்கு என் பதில்: சொந்தப் பணத்தை 20-க்குப் பதில் 15 போடுங்கள், லோனை 25 ஆக்குங்கள், ஐந்து லட்சத்தைத் தனியாக வையுங்கள். தவணை சுமார் 11,000 ஏறும், கோடு 229 மணிக்குப் போகும். கடனைக் கூட்டச் சொல்கிறேனே என்று தோன்றும். உண்மைதான். ஆனால் பேங்கில் 11 சதவீதத்துக்கு முன்கூட்டியே வாங்கி வைத்த ஐந்து லட்சம், அவசரத்துக்கு வெளியில் வாங்கும் ஐந்து லட்சத்தைவிட எவ்வளவோ மலிவு. பில்லை டிஸ்கவுண்ட் செய்து முன்பணம் தரும் ட்ரெட்ஸ் தளங்களில் உங்கள் கஸ்டமர் சேர்ந்திருந்தால் இந்தத் தொகை குறையும். ஆர்டர் பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

கையில் ஓரளவு நிச்சயமான ஷெட்யூலும், ஓடிக்கொண்டிருக்கும் பழைய மெஷின்களும் இருப்பவர்களுக்கு இது பொருந்தும்.

## வழி 3: இரண்டு புது மெஷின், 60 லட்சம் லோன்

77 சதவீதம் என்ற எண்ணில் பொய் இல்லை. இரண்டு மெஷினும் 360 மணி ஓடினால் தவணை போக மாதம் 1,09,500 ரூபாய் கையில் நிற்கும். ஐந்து வருஷம் கழித்துக் கடனில்லாத இரண்டு மெஷின் சொந்தம். எஸ்டேட்டில் இப்படி வளர்ந்த பட்டறைகளை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் மோசமான வருஷம் ஒன்று வந்தால் மாதம் 50,500 வீதம், பன்னிரண்டு மாதத்தில் ஆறு லட்சம் கைக்காசு போகும். ஆரம்பத்தில் முதல் பேமெண்ட் வருவதற்குள் தேவைப்படும் 9.3 லட்சம் தனி. இதைவிட முக்கியமானது, விற்றுவிட்டு வெளியேறும் கணக்கு.

மோசமான வருஷத்தில் நாம் மட்டும் மெஷினை விற்க மாட்டோம், பக்கத்துப் பட்டறையும் விற்கும். அதனால் விலை விழும். ஒரு வருஷம் ஓடிய 40 லட்சம் மெஷின் 24 லட்சத்துக்குப் போகிறது என்று வைப்போம். வழி 2-ல் லோன் பாக்கி சுமார் 16.8 லட்சம். அதை அடைத்தால் 7.2 லட்சம் மிஞ்சும். 20-ல் 13 லட்சம் போனது வலிக்கும், ஆனால் கதை அங்கே முடிந்தது. வழி 3-ல் இரண்டு மெஷினும் சேர்ந்து 48 லட்சம், லோன் பாக்கி 50.5 லட்சம். 20 லட்சமும் போய், மெஷினும் போய், இன்னும் இரண்டரை லட்சம் கட்ட வேண்டும். மெஷின் விலை 40 சதவீதம் விழுந்தது. நம் பணம் நூறு சதவீதத்துக்கு மேல் விழுந்தது.

அந்த இரண்டரை லட்சத்துக்கு யார் பொறுப்பு? புரொப்ரைட்டர்ஷிப் என்றால் நேராக நீங்கள்தான். பிரைவேட் லிமிடெட் என்றாலும் டைரக்டர்கள் தனிப்பட்ட கேரண்டி கையெழுத்துப் போடாமல் பேங்க் லோன் கொடுப்பது அரிது. அடமானம் கேட்காமல், அரசு அமைத்த அறக்கட்டளையின் உத்தரவாதத்தில் தரும் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. லோன் என்றால் பயமில்லை என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அந்த உத்தரவாதம் பேங்க்குக்கு, நமக்கு அல்ல. அதன் கட்டணமும் பெரும்பாலும் நம் தலையில்தான் விழும், பாக்கியும் நம் பெயரிலேயே நிற்கும். வீட்டை அடமானம் வைத்திருந்தால், தவணை 90 நாள் தவறியதும் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன் பிறகு 2002-ம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். அதற்குள் அடைக்காவிட்டால், வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமலே பேங்க் வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கையைத் தொடங்கலாம். 90 நாள் என்பது ஒரு கஸ்டமர் ஒரே ஒரு பில்லைத் தாமதிக்கும் கால அளவு என்பதை யோசித்துப் பாருங்கள்.

இந்த வழி யாருக்கு? வேலை அதிகமாகி வெளியே பட்டறைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பவருக்கு. வெளியே கொடுத்த பில்கள்தான் இதற்கு அத்தாட்சி. "ஆர்டர் தர்றேன்னு பர்ச்சேஸ் மேனேஜர் சொல்லிருக்கார்" என்பது அத்தாட்சி இல்லை. அதோடு கஸ்டமர்கள் ஒரே துறையாக இருக்கக் கூடாது. வாகனம் மட்டும் என்றால் இரண்டு மெஷினும் ஒரே நாளில் நிற்கும். வால்வு, பம்ப், மருத்துவக் கருவி என்று கலந்திருந்தால் ஒன்று நின்றாலும் ஒன்று ஓடும். ஆறு மாதத் தவணை எஃப்.டி.யில் இருக்க வேண்டும், இந்தக் கணக்கில் சுமார் 8 லட்சம். இவ்வளவும் இருந்தால் நானே ஃபைல் தயாரித்துத் தருகிறேன்.

## வழி 4: பார்ட்னர்

பார்ட்னர் மோசமான வருஷத்தில் பணம் கேட்டுப் போன் செய்ய மாட்டார். அதற்கு விலை, நல்ல வருஷங்களில் பாதி அவருடையது. சுமாரான மாதத்தில் கையில் 45,000. லோனில் கிடைப்பதும் அதே அளவுதான். ஆனால் 61-வது மாதம் லோன் முடிந்துவிடும், அன்றிலிருந்து 90,000 முழுசாக நமக்கு. பார்ட்னருக்கு 61-வது மாதமும் பாதி, 121-வது மாதமும் பாதி. தொழில் நன்றாகப் போனால் இந்த நாலு வழியில் விலை அதிகமான பணம் பார்ட்னர் பணம்தான்.

அதனால் வெறும் பணத்துக்காகப் பார்ட்னர் சேர்க்காதீர்கள். ஆர்டர் கொண்டுவருபவர், அல்லது நமக்குத் தெரியாத வேலை தெரிந்தவர் என்றால் கணக்கே மாறிவிடும்: அவரால் மாதம் 60 மணி கூடுதலாக ஓடினால் சுமாரான வருஷமே நல்ல வருஷம் ஆகிறது. முதன்முறையாகத் தொழிலுக்கு வருபவர்களுக்கும், வீட்டில் வேறு வருமானம் இல்லாதவர்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். யார் விலகினாலும் மெஷினுக்கு எப்படி விலை போடுவது என்பதைப் பத்திரத்தில் முதல் நாளே எழுதிவிடுங்கள். மச்சானாக இருந்தாலும் எழுதுங்கள்.

## மார்ஜினையும் கடன் வாங்கினால்

நம் பங்காகப் போடச் சொல்லி பேங்க் கேட்கும் மார்ஜின் பணத்தையே ரெண்டு வட்டிக்கு வாங்கிக் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு மெஷினுக்கு 30 லட்சம் பேங்க் லோன், 10 லட்சம் வெளி வட்டி என்று வையுங்கள். மாதம் 65,200 தவணை, 20,000 வட்டி. கோடு 290 மணிக்கு ஏறிவிடும். சுமாரான மாதமே 300. அந்தப் பத்து லட்சத்தின் அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது. இப்படி வந்தவர்களுக்கு நான் ஃபைல் தயாரிப்பதில்லை.

## கடைசியாக, வட்டி விகிதம்

இப்போது வட்டிக்கு வரலாம். அரை சதவீதம் குறைக்க மூன்று பேங்க் ஏறி இறங்குபவர்களைப் பார்க்கிறேன். 60 லட்சம் லோனில் அரை சதவீதம் குறைந்தால் தவணை சுமார் 1,500 ரூபாய் குறையும். அது மாதத்துக்கு மூன்று மெஷின் மணி. 2022 மேயிலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5-க்குப் போனது. அந்த இரண்டரை சதவீதமும் முழுசாக நம் மேல் விழுந்தால்கூட 60 லட்சத்துக்குத் தவணை 7,600 ரூபாய்தான் ஏறும். ஓட்டம் 300-லிருந்து 200-க்கு இறங்கினால் இரண்டு மெஷினிலும் சேர்த்து ஒரு லட்சம் குறையும். எதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்பது இந்த இரண்டு எண்ணிலேயே இருக்கிறது. வட்டியைப் பேரம் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே அக்கறையோடு, முதல் தவணைக்கு எத்தனை மாத அவகாசம், வியாபாரம் படுத்தால் காலத்தை நீட்டித் தருவார்களா, முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்றும் கேளுங்கள்.

## அம்பத்தூர்க்காரருக்குச் சொன்னது

அவரிடம் நான் கேட்டது பட்டறையின் ஜாப் ரிஜிஸ்டர். லோன் ஃபைலில் முதல் வருஷம் 60 சதவீதம், அடுத்தது 70, அதற்கடுத்தது 80 என்று அழகாக ஏறும் ஓட்டக் கணக்கை நான்தான் டைப் செய்கிறேன். பேங்க்குக்கு அது போதும். நமக்குப் போதாது. கடந்த 24 மாதத்தில் ஒரு மெஷின் சராசரியாக மாதம் எத்தனை மணி ஓடியது என்று எழுதி, தொடர்ந்து வந்த மூன்று மாதங்களில் மிக மோசமான மூன்றை எடுக்கச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து நீல அட்டை போட்ட நோட்டோடு வந்தார். தீபாவளிக்குப் பிந்தைய மூன்று மாதத்தைச் சிவப்புப் பேனாவால் கட்டம் கட்டியிருந்தார். சராசரி 232 மணி. ஒரு புது மெஷினுக்கு, ஐந்து லட்சத்தைத் தனியாக வைத்தால்கூட, கோடு 229. இரண்டு மெஷினுக்கு 251.

நோட்டை என் பக்கம் திருப்பி வைத்து, "ஒண்ணுதான் சார்" என்றார். வெளியே கொடுத்த வேலைக்கான பில்களை இனிமேல் தனி ஃபைலில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு வருஷம் கழித்து அந்த ஃபைலைக் கொண்டுவரட்டும், இரண்டாவது மெஷினைப் பற்றி அப்போது பேசுவோம் என்று சொல்லி, 25 லட்சத்துக்கு ஃபைலை ஆரம்பித்தேன்.